டிவி மெனு முழுக்க சீன எழுத்து, எச்டிஎம்ஐ பிக்சர் மோடு ரீஜன் மூணையும் எப்படி புடிக்கிறது?

நிலா_வீடு · ஜூன் 4, இரவு 9:12

சித்தப்பா அவர் வச்சிருந்த 50 இஞ்ச் டிவிய எங்களுக்கு குடுத்துட்டாரு. அவர் வேலை பாத்த நாட்டுலயே வாங்குனது, மெனு ஒண்ணு விடாம சீன எழுத்து. அவர் இத்தன வருஷமா எதையும் தொடாம பாத்திருக்காரு. கொண்டு வந்ததும் யாரோ ரீசெட் பண்ணா நம்ம மொழி வந்துரும்னு சொன்னாங்கன்னு ரீசெட் பண்ணிட்டேன், திரும்பவும் சீனத்துலயே தான் எழுந்துச்சு. ஆரம்பத்துல ரெண்டு பெட்டி பக்கத்துல பக்கத்துல வந்துச்சு, வலது பக்கம் இருந்தத அமுக்குனேன், அப்புறம் வைஃபை கேட்டுச்சு, அது மட்டும் புரிஞ்சுது.

எனக்கு வேண்டியது மூணே விஷயம். செட் டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐல வரணும். கலர் கண்ண கூசுது, அத கொறைக்கணும். ரீஜன மாத்தணும், அது மாறுனா நம்ம ஆப்பெல்லாம் வரும்னு நெனக்கிறேன். பாட்டி தான் பகல் முழுக்க பாப்பாங்க, அதனால ஒரு தடவ செட் பண்ணா அப்படியே நிக்கணும். அடில அடிக்கடி 4K, HDR னு எழுதுன ஒரு பட்டை வேற ஓடுது, விளம்பரம்னு விட்டுட்டேன்.

தாத்தா_ரேடியோ · ஜூன் 4, இரவு 9:40

படம் ஓடும்போது ஆடியோன்னு ஒரு ஆப்ஷன் வரும் பாப்பா, அதுல தமிழ் இருந்தா மாத்திக்கலாம். எல்லா படத்துக்கும் இருக்காது.

நிலா_வீடு · ஜூன் 4, இரவு 9:44

ஐயா, படத்தோட பேச்சு இல்ல, டிவி மெனுவே வேற மொழி.

பிக்சல்_பாண்டி · ஜூன் 4, இரவு 10:05

பல்சக்கர படம் இருக்கும் பாருங்க, அது தான் செட்டிங்ஸ். அது உள்ள போயி 输入 னு ஆரம்பிக்கிற வரிய தேடுங்க. இன்புட்னு அர்த்தம். அத அமுக்குனா எச்டிஎம்ஐ லிஸ்ட் வந்துரும், ரெண்டு நிமிஷ வேல.

நிலா_வீடு · ஜூன் 5, காலை 7:20

ரெண்டு நிமிஷம் இல்லீங்க, நேத்து ராத்திரி முக்கா மணி நேரம். 输入 கண்டுபுடிச்சேன், ரெண்டு எழுத்தையும் பேப்பர்ல வரஞ்சு வச்சு ஒவ்வொரு வரியா ஒப்பிட்டு பாத்தேன். உள்ள போனா எச்டிஎம்ஐயே இல்ல, ஒரே ஒரு வரி, அத அமுக்குனா கீபோர்டு மாதிரி படம் வருது. எங்கயோ தப்பான இடத்துக்கு வந்துட்டேன்னு பயந்து டிவிய ஆஃப் பண்ணிட்டேன்.

சால்டர்_சேகர் · ஜூன் 5, காலை 8:31

பயப்படாதீங்கம்மா, நீங்க போனது 输入法, அதாவது கீபோர்டு பக்கம். மூணாவது எழுத்து தான் வித்தியாசம். 输入源 னு இருந்தா தான் வீடியோ இன்புட், அதுவும் நெறய டிவில 信号源 னு தான் போட்டிருப்பான், 输入 ங்கற எழுத்தே வராது. பாண்டி சொன்ன அர்த்தம் சரி, ஆனா அத வச்சு தேடுனா பாதி பேரு கீபோர்டுல தான் போய் நிப்பாங்க, நான் ரிப்பேர் பெஞ்சுல இத நெறய பாத்திருக்கேன்.

இன்புட்டுக்கு மெனு உள்ள போகவே வேணாம். ரிமோட்ல ஒரு பெட்டிக்குள்ள அம்புக்குறி நுழையிற மாதிரி ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்குனா லிஸ்ட் வரும். எந்த மொழியா இருந்தாலும் அந்த லிஸ்ட்ல HDMI, AV, USB எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தான் இருக்கும். அந்த பட்டன் இல்லன்னா டிவிய வேற எல்லா வயர்லயும் இருந்து கழட்டிட்டு பாக்ஸ மட்டும் மாட்டி, பாக்ஸ ஆன் பண்ணி வச்சுட்டு, ஆன்ல இருக்கற டிவில அந்த வயர ஒரு தடவ உருவி திரும்ப சொருகுங்க. நெறய மாடல்ல "இங்க ஒண்ணு மாட்டியிருக்க, போலாமா"ன்னு ஒரு சின்ன பெட்டி வரும், அதுல ஓகே. அதுவும் வரலன்னா டிவியோட அடில, நடுவுல, ஒத்த பட்டன் இருக்கும். சும்மா தட்டுனா நகரும், அமுக்கி புடிச்சா தேர்ந்தெடுக்கும்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி மொழிய மாத்த பாருங்க. தேடவேண்டியது 语言. ரெண்டே எழுத்து, ரெண்டுலயும் கீழ ஒரு குட்டி சதுரம் இருக்கும், அத வச்சு புடிச்சுக்கலாம். உள்ள போனா மொழி லிஸ்ட் வரும், அதுல ஒவ்வொரு மொழியும் அதோட சொந்த எழுத்துல தான் இருக்கும், அதனால English இருந்தா படிக்கவே முடியும். 语言和输入法 னு ஒண்ணா சேந்து இருந்தாலும் அதுக்குள்ள முதல்ல 语言 இருக்கும். கீபோர்டு பக்கம் போனீங்கள்ல, ஒரு படி பின்னாடி வந்து பாருங்க, அங்கயே பக்கத்துல இருக்க வாய்ப்பு அதிகம்.

கடலோரம் · ஜூன் 5, மதியம் 1:15

எனக்கு இதே கத அரபில. அரபி மெனு கண்ணாடில பாக்கற மாதிரி திரும்பி இருக்கும், லிஸ்ட் வலது பக்கம் ஒட்டிக்கும். வலது அம்ப அமுக்குனா உள்ள போகும்னு கை பழகியிருக்கும், அங்க உள்ள போறது இடது அம்பு, வலது வெளிய வந்துரும். நான் அர நாள் "மெனு தொறக்கவே மாட்டேங்குது, ரிமோட் போச்சு"ன்னு பேட்டரி மாத்திட்டு இருந்தேன். சீனத்துக்கு இந்த தொல்ல இல்ல, நாளைக்கு யாராச்சும் அரபியோ ஹீப்ருவோ மாட்டிக்கிட்டு இங்க வந்து படிப்பாங்கன்னு எழுதி வைக்கிறேன்.

நிலா_வீடு · ஜூன் 5, இரவு 8:50

வந்துருச்சு!! சேகர் அண்ணா சொன்ன மாதிரி கீபோர்டுக்கு மேல் வரியே 语言 தான், நேத்து அதுக்கு பக்கத்துலயே உக்காந்து அழுதுட்டு இருந்திருக்கேன். லிஸ்ட்ல 简体中文, English ரெண்டே ரெண்டு. English வச்சேன். பல்சக்கரத்துக்கு உள்ள எல்லாம் இங்கிலீஷ் ஆயிருச்சு. ஆனா ஹோம் பக்கம் அப்படியே சீனம், ரிமோட்ல மெனு பட்டன் அமுக்குனா வலது ஓரத்துல வர்ற அந்த குட்டி மெனுவும் சீனம். பிக்சர் மோடு அந்த குட்டி மெனுல தான் இருக்கு போல, பல்சக்கரத்துல எங்கயும் காணோம்.

எச்டிஎம்ஐ சுலபமா முடிஞ்சுது. என் ரிமோட்ல அம்பு பட்டன் இல்ல, வயர உருவி சொருகுனேன், பெட்டி வந்துச்சு, ஓகே குடுத்தேன், செட் டாப் பாக்ஸ் வந்துருச்சு. பாட்டி சீரியல் பாத்துட்டு இருக்காங்க இப்போ.

பிக்சல்_பாண்டி · ஜூன் 5, இரவு 9:02

அப்போ கம்ப்யூட்டர்ல இருந்து டிவிக்கு கமாண்டு அனுப்பற ஏடிபி போட்டு முழுசா இங்கிலீஷ் ஆக்கிருங்க. ஆண்ட்ராய்டு டிவி தானே.

```
adb connect 192.168.1.20:5555
adb shell am start -a android.settings.LOCALE_SETTINGS
```

ஐபி நம்பர் உங்க டிவியோடத போடுங்க.

சால்டர்_சேகர் · ஜூன் 5, இரவு 10:18

கமாண்டு சரி தான் பாண்டி, ஆனா அது தொறக்கறது அவங்க ஏற்கனவே கண்டுபுடிச்ச அதே மொழி பக்கத்த தான். புதுசா ஒண்ணும் மாறாது. ஹோமும் குட்டி மெனுவும் கம்பெனிக்காரன் தனியா செஞ்ச ஆப்பு, அதுக்குள்ள அவன் இங்கிலீஷ் எழுத்தையே வச்சிருக்க மாட்டான், இல்லாதத எந்த கமாண்டும் கொண்டு வராது. மெனுல மொழி பக்கத்தையே ஒளிச்சு வச்சிருக்கற டிவிக்கு தான் இந்த கமாண்டு உதவும். அதுக்கும் முதல்ல டெவலப்பர் ஆப்ஷன தொறக்கணும், 关于 பக்கத்துல 版本号 வரிய ஏழு தடவ தட்டணும், அப்புறம் ஏடிபிய ஆன் பண்ணணும், சில செட்ல அதையும் பூட்டி வச்சிருப்பான்.

நிலாம்மா, குட்டி மெனுல 图像 னு தேடுங்க. முதல் எழுத்து நாலு பக்கமும் அடச்ச சட்டம் மாதிரி இருக்கும், ஃபோட்டோ ஃப்ரேம்னு நெனச்சுக்கங்க. அது தான் பிக்சர். 图像模式 உள்ள போனா இந்த மாதிரி வரும்: 标准 ஸ்டாண்டர்டு, 电影 சினிமா, 体育 விளையாட்டு. விவிட மட்டும் கம்பெனிக்கு கம்பெனி வேற வார்த்தைல போடுவான், பெரும்பாலும் 艳 ங்கற எழுத்து அதுல இருக்கும். சினிமாவ புடிக்க வழி, ரெண்டாவது எழுத்தோட வலது ஓரத்துல மூணு சாஞ்ச கோடு.

எழுத்தே வேணாம்னா கண்ண நம்புங்க. நியூஸ் சேனல்ல வெள்ளை பின்னணி வர்ற நேரமா பாத்து ஒவ்வொண்ணா மாத்துங்க. வெள்ளை நீலம் பாஞ்சு, ஆளுங்க மூஞ்சி செவந்து போயி தெரிஞ்சா விவிட். கொஞ்சம் மங்கலா, வெள்ளை லேசா மஞ்சளா தெரிஞ்சா சினிமா. பழகாத கண்ணுக்கு சினிமா அழுக்கா தெரியும், பத்து நிமிஷம் விட்டு பாத்தா அது தான் சரியான வெள்ளைன்னு புரியும். பகல்ல ஜன்னல் தொறந்த ரூம்ல பாட்டிக்கு ஸ்டாண்டர்டே போதும்.

நிலா_வீடு · ஜூன் 6, மாலை 6:30

标准 வச்சேன், அருமையா இருந்துச்சு, டீ போட போயிட்டு வந்து பாத்தா திரும்ப கண்ண கூசுது. மறுபடி மாத்துனேன். மறுபடி தானா போயிருச்சு. இன்னைக்கு மட்டும் ஆறு தடவ மாத்திட்டேன். பாட்டி "நான் ஒண்ணும் தொடலடி"ங்கறாங்க, ரிமோட்ட அவங்க கைல இருந்து வாங்கி நானே வச்சிருந்தேன், அப்பவும் மாறுது.

பிக்சல்_பாண்டி · ஜூன் 6, மாலை 6:41

பிக்சர் மோடு ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியா சேவ் ஆகும்ங்க. எச்டிஎம்ஐல வச்சது ஆப்ல வராது, ஆப்ல வச்சது எச்டிஎம்ஐல வராது. எச்டிஆர் படம் ஓடுனா அதுக்கு வேற தனி. நீங்க ஹோம் பக்கத்துல வச்சிருப்பீங்க.

நிலா_வீடு · ஜூன் 6, இரவு 8:15

இல்லீங்க, எச்டிஎம்ஐலயே தான் வச்சேன், சேனல் கூட மாத்தல. கடிகாரத்த வச்சு பாத்தேன், மூணு தடவ, மூணு தடவயும் அஞ்சு நிமிஷம் தாண்டல.

சால்டர்_சேகர் · ஜூன் 6, இரவு 9:27

பாண்டி சொன்ன விஷயம் உண்மை, எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும், ஆனா இன்புட்ட மாத்தாமலே மாறுதுன்னா காரணம் அது இல்ல. ஒண்ணு மட்டும் பாத்து சொல்லுங்க நிலாம்மா: வெளிச்சம் மட்டும் கூடுதா, இல்ல மெனுல தேர்ந்தெடுத்த பேரே 标准 ல இருந்து வேற ஒண்ணுக்கு தாவியிருக்கா? வெளிச்சம் மட்டும் மெல்ல மெல்ல ஏறி இறங்குனா ரூம் வெளிச்சத்த பாக்கற சென்சார். பேரே மாறியிருந்தா வேற கத.

நிலா_வீடு · ஜூன் 6, இரவு 9:50

பேரே மாறியிருக்கு அண்ணா. 艳 இருக்கற வரில நிக்குது. ஒரே அடியா தாவுது, மெல்ல எல்லாம் இல்ல.

சால்டர்_சேகர் · ஜூன் 6, இரவு 10:11

உங்க முதல் பதிவ திரும்ப படிச்சேன். பதில் அதுலயே இருந்திருக்கு, நான் தான் கவனிக்காம விட்டேன். ரீசெட்டுக்கு அப்புறம் ரெண்டு பெட்டி வந்துச்சுன்னீங்களே, வலது பக்கத்த அமுக்குனேன்னு. ஒண்ணு வீடு, இன்னொண்ணு கடை. நீங்க கடைய அமுக்கிட்டீங்க. ஷோரூம்ல டிவி மாட்டியிருக்கும்போது வர்றவன் போறவன் எல்லாம் ரிமோட்ட நோண்டுவான், அதனால கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ தானே பளபளன்னு பழைய நிலமைக்கு போற மாதிரி ஒரு மோடு வச்சிருக்கான். அடில 4K, HDR னு ஓடுற பட்டையும் அதோட வேல தான், விளம்பரம் இல்ல.

செட்டிங்ஸ்ல 商场模式 இல்ல 演示模式 னு தேடுங்க, ஆஃப் பண்ணுங்க. 家庭模式 னு ஒண்ணு தெரிஞ்சா அத வைங்க, முதல் எழுத்து 家 ன்னா வீடு, மேல ஒரு கூரை போட்ட மாதிரி இருக்கும். நீங்க இங்கிலீஷ் ஆக்கிட்டதால Store, Demo, Retail, Home இதுல ஏதாச்சும் ஒரு வார்த்தையா கூட இருக்கலாம்.

கடலோரம் · ஜூன் 6, இரவு 10:30

பக்கத்து வீட்டு டிவிய ரெண்டு வருஷமா "பேனல் கெட்டுப்போச்சு, கண்ண பறிக்குது"ன்னு திட்டிட்டு இருக்காங்க, அதுலயும் அந்த பட்டை ஓடும். நாளைக்கு காலைல முதல் வேல அங்க தான்.

நிலா_வீடு · ஜூன் 7, காலை 10:05

இருந்துச்சு. சிஸ்டம் பக்கத்துல கடைசில Store mode னு ஒரு வரி, ஆன்ல இருந்துச்சு. ஆஃப் பண்ணதும் ஒரு தடவ கருப்பாகி வந்துச்சு, பட்டை போச்சு. 标准 வச்சு ரெண்டு மணி நேரமாச்சு, அசையல. பாட்டியும் நானும் கடிகாரத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தோம்.

அந்த ரெண்டு பெட்டிய இப்போ நெனச்சு பாக்கறேன், வலதுல இருந்த படம் ஒரு பந்தல் மாதிரி இருந்துச்சு, அது கடைக்கு முன்னாடி போடற துணிப்பந்தல். எழுத்து புரியலைங்கற பயத்துல படத்தையே பாக்கல.

பாண்டி சொன்னதையும் சோதிச்சேன், அதுவும் உண்மை தான். டிவிக்குள்ள இருக்கற வீடியோ ஆப்ப தொறந்தா அதுல இன்னும் விவிட் இருந்துச்சு, அங்கயும் தனியா 标准 வச்சேன்.

நிலா_வீடு · ஜூன் 9, இரவு 9:00

மூணாவது விஷயம், ரீஜன். செட்டிங்ஸ்ல எங்கயும் நாடு மாத்தற வரி இல்ல. மணி மட்டும் எங்க நேரத்துக்கு ஒத்து வரல, நேர மண்டலம்னு வரி இருக்கு, சாம்பல் கலர்ல, அமுக்க முடியல. ஆப் கடைல இருக்கற எல்லாமே சீன ஆப்.

பிக்சல்_பாண்டி · ஜூன் 9, இரவு 9:20

மணி தப்பா இருந்தா ஆப் எதுவும் தொறக்காதுங்க, செக்யூரிட்டி சர்டிஃபிகேட் ஒத்துக்காது. முதல்ல அத சரி பண்ணுங்க. சர்வீஸ் மெனுன்னு ஒண்ணு இருக்கு, ரிமோட்ல ஒரு நம்பர் வரிசை அடிச்சா தொறக்கும், அதுல ரீஜன் மாத்தலாம். வீடியோ எல்லாம் இருக்கு.

சால்டர்_சேகர் · ஜூன் 9, இரவு 11:02

சர்வீஸ் மெனு பக்கம் போகவே போகாதீங்கம்மா, கெஞ்சி கேக்கறேன். அதுல ரீஜன் பக்கத்துலயே பேனல் வகைய மாத்தற வரி இருக்கும். தெரியாத மொழில ஒரு படி தள்ளி அமுக்கிட்டா படம் தலகீழா வரும், இல்ல திரை இருண்டு போயிரும், அப்புறம் மெனுவே கண்ணுக்கு தெரியாது, திரும்ப மாத்த வழியில்ல. அப்படி வந்த செட்ட போர்டு கழட்டி புதுசா சாஃப்ட்வேர் ஏத்தி தான் எழுப்பியிருக்கேன், ஒண்ணு ரெண்டு எழும்பவே இல்ல.

சர்டிஃபிகேட் விஷயம் பாதி சரி. தேதி வருஷமே தப்பா இருந்தா தான் ஆப் முரண்டு புடிக்கும். நேர மண்டலம் மட்டும் தப்புன்னா டிவி உள்ளுக்குள்ள சரியான நேரத்த தான் வச்சிருக்கும், காட்டறது மட்டும் சீன நேரம், UTC+8. அதனால ஆப் நிக்காது. மண்டலத்த விட்டுட்டு மணிய மட்டும் கையால மாத்துனீங்கன்னா தான் உள்ள இருக்கற நேரமும் கெடும். அப்படியே விட்டுருங்க.

ரீஜன்னு ஒரே வார்த்தைல மூணு வேற வேற விஷயம் கலந்து கெடக்கு. சேனல் தேடறதுக்கு நாடு கேக்கறது ஒண்ணு. ஆப் கடை எந்த நாட்டுதுங்கறது இன்னொண்ணு, அது அக்கவுண்டயும் கம்பெனி சர்வரையும் பொறுத்தது. மூணாவது மணி. முதல் விஷயத்துல மெனுவ மாத்துனாலும் பிரயோஜனம் கம்மி, ஏன்னா ஆன்டெனால வர்ற சிக்னல புடிக்கற ட்யூனர் ஒரு பாகம். சீனாவுக்குன்னு செஞ்ச செட்ல DTMB இருக்கும். வேற நாட்டுல DVB-T2, ATSC, ISDB-T னு வேற வேற முறை, மெனுல நாடு பேர மாத்துனா அந்த பாகம் மாறிடாது. நீங்க செட் டாப் பாக்ஸ் வச்சிருக்கீங்க, ட்யூனரே உங்களுக்கு தேவையில்ல. ஆப் வேணும்னா இன்னொரு எச்டிஎம்ஐல ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒண்ணு மாட்டுங்க, அது உங்க மொழில உங்க அக்கவுண்ட்ல ஓடும், டிவி வெறும் திரை ஆயிரும்.

கடலோரம் · ஜூன் 10, காலை 6:55

சீனத்துக்கு மட்டும் செஞ்சதா இல்லாம பல நாட்டுக்கும் செஞ்ச டிவின்னா நாடு மாத்தற வரி இருக்கும், எனக்கு இருந்துச்சு. அமுக்குனதும் நாலு குட்டி கட்டம் வந்து பின் கேட்டுச்சு, 0000 போட்டேன் போச்சு, சிலதுல 1234. மாத்துனதும் தேடி வச்சிருந்த சேனல் எல்லாம் அழிஞ்சுருச்சு, திரும்ப தேட வேண்டியதாச்சு. சேனல் லிஸ்ட்ட அருமையா அடுக்கி வச்சிருக்கறவங்க முதல்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க.

பக்கத்து வீட்டு டிவி, கடை மோடு தான். ரெண்டு வருஷம்!

பிக்சல்_பாண்டி · ஜூன் 10, காலை 9:10

சர்வீஸ் மெனுல நானே என் டிவில ரீஜன் மாத்தியிருக்கேன், ஒண்ணும் ஆகல. சேகர் அண்ணன் கிட்ட கெட்டுப்போனது மட்டும் தானே வரும், நல்லா போனது யாரு கொண்டு போவாங்க.

சால்டர்_சேகர் · ஜூன் 10, காலை 9:48

அது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். ஆனா உன் டிவி மெனு நீ படிக்கற மொழில இருந்துச்சு தம்பி. அவங்களோடது இல்ல.

நிலா_வீடு · ஜூன் 13, இரவு 8:20

ஸ்டிக் மாட்டிட்டேன். அத ஆன் பண்ணா டிவி தானா அந்த இன்புட்டுக்கு தாவுது, செட் டாப் பாக்ஸுக்கு திரும்ப வர குட்டி மெனு வழியா தான் வரணும், பாட்டிக்கு அது வராது. அதனால 信号源 ங்கற மூணு எழுத்த பெருசா வரஞ்சு, எத்தன தடவ கீழ் அம்பு அமுக்கணும்னு பக்கத்துல புள்ளி வச்சு சுவத்துல ஒட்டியிருக்கேன். ஸ்டிக் இருக்கற இன்புட்லயும் விவிட் தான் வந்துச்சு, அங்கயும் தனியா மாத்துனேன்.

ஒண்ணு மட்டும் புரியல. ஸ்டிக்ல எச்டிஆர் படம் போட்டா மட்டும் குட்டி மெனுல மோடு பேரெல்லாம் வேற எழுத்தா வருது, 标准 ய காணோம், நான் வரஞ்சு வச்ச பேப்பர்ல இருக்கற ஒண்ணும் அதுல இல்ல. இப்போதைக்கு மூணு சாஞ்ச கோடு இருக்கறத பாத்து வச்சிருக்கேன், பாக்க நல்லா தான் இருக்கு. நாளைக்கு ஃபோட்டோ எடுத்து போடறேன் சேகர் அண்ணா, ஒரு தடவ பாத்து சொல்லுங்க.